சூரியன், ராசி, லக்னம் – மூன்று வியூவில் ஒரு மனிதன்

"மச்சான், நீ என்ன ராசிடா?"

நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் காலை இட்லிக்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்தக் கேள்வி கேட்காத நாளே கிடையாது. தமிழ்ப் பேப்பரைப் பிரித்து ஒருவன் "எனக்கு ரிஷபம்" என்பான். அவனே இங்கிலீஷ் பேப்பரில் பிறந்த தேதியைத் தேடிப் பார்த்து "இதுல நான் கன்னிடா" என்பான். அவன் வீட்டு ஜாதகத்தை எடுத்துப் பார்த்தால் "ல" என்ற எழுத்து கும்பத்தில் உட்கார்ந்திருக்கும். அப்படியானால் இவன் ரிஷபமா, கன்னியா, கும்பமா? ஒரே ஆள் எப்படி மூன்றாக இருக்க முடியும்?

நண்பர்களே, இதில் யாரும் பொய் சொல்லவில்லை. மூன்று பேரும் மூன்று வேறு பொருளை அளந்து சொல்கிறார்கள், அவ்வளவுதான். தமிழ்ப் பேப்பர் சொல்வது பிறந்தபோது சந்திரன் நின்ற ராசி. நம் ஊரில் 'ராசி' என்றாலே சந்திர ராசிதான். இங்கிலீஷ் பேப்பர் சொல்வது சூரியன் நின்ற ராசி. அதையும் மேல்நாட்டுக் கணக்கில் சொல்கிறது. அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன். ஜாதகத்தில் உள்ள "ல" லக்னம். பிறந்த நிமிடத்தில் கிழக்கு அடிவானத்தில் எந்த ராசி உதயமாகிக் கொண்டிருந்ததோ அது.

மூன்றுக்கும் வேகம் வேறு. சூரியன் ஒரு ராசியைக் கடக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். சந்திரனுக்குச் சுமார் இரண்டே கால் நாள் போதும். லக்னமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிவிடும். நம் ஊர்ப் பக்கம் ராசிக்கு ராசி ஒன்றே முக்கால் மணியிலிருந்து இரண்டே கால் மணிக்குள் இருக்கும். வெர்னியர் காலிப்பர் பிடித்த நமக்கு இது சுலபமாகப் புரியும். சூரியன் மெயின் ஸ்கேல் மாதிரி, லக்னம் வெர்னியர் மாதிரி. ஒரே மாதத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் சூரியன் பொது. ஒரே நாளில் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சந்திரன் பொது. லக்னம்தான் ஆளை ஆளிலிருந்து பிரிக்கிறது.

கண்டுபிடிப்பதும் பெரிய வித்தை இல்லை. நம் கணக்கில் சூரிய ராசிக்குப் பஞ்சாங்கமே வேண்டாம், தமிழ் மாதம் தெரிந்தால் போதும். சித்திரை மேஷம், வைகாசி ரிஷபம், ஆனி மிதுனம் என்று வரிசையாக எண்ணிக்கொண்டு போனால் மார்கழி தனுசு, பங்குனி மீனம். நம் மாதமே சூரியன் ராசி மாறும் நாளில்தான் பிறக்கிறது. சந்திரனுக்கு நட்சத்திரம் தெரிய வேண்டும். லக்னத்துக்குப் பிறந்த நேரமும் ஊரும் வேண்டும். சரியாகக் கணக்கிடப் பஞ்சாங்கமோ, இப்போது போனில் உள்ள ஆப்போ வேண்டும். ஆனால் தோராயமாகச் சரிபார்க்க ஒரு விதி உண்டு. சூரியன் உதிக்கும்போது சூரியன் இருக்கும் ராசிதானே கிழக்கில் உதிக்கிறது? அதனால் விடியற்காலையில் பிறந்தவனுக்குச் சூரியனும் லக்னமும் ஒரே கட்டத்தில் இருக்கும். சூரியன் மறையும் நேரத்தில் பிறந்தவனுக்கு லக்னம் நேர் எதிர்க் கட்டத்தில், அதாவது ஏழாவது கட்டத்தில் இருக்கும். உச்சிவேளை என்றால் சுமார் நான்காவது கட்டம். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதனால் எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. அதைச் சொல்லும் முன் இந்த மூன்றையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் வருட டிராயிங் வகுப்பை நினைத்துப் பாருங்கள். டாப் வியூவில் ஒரு வட்டம் மட்டும் கொடுத்து "இது என்ன?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? சிலிண்டராக இருக்கலாம், கூம்பாக இருக்கலாம், பந்தாகவும் இருக்கலாம். பிரண்ட் வியூ கைக்கு வந்த பிறகுதான் அது செவ்வகமா, முக்கோணமா, வட்டமா என்று பார்த்துப் பொருளைச் சொல்ல முடியும். ஜாதகத்திலும் அதே கதைதான். 'ரிஷப ராசிக்காரன் பொறுமைசாலி' என்பது வெறும் டாப் வியூ.

பழைய நூல்களின் வழக்கப்படி லக்னம் உடல், சந்திரன் மனம், சூரியன் ஆத்மா. புதிதாகப் படிப்பவனுக்கு நான் இப்படிச் சொல்வேன். ஒருவன் புது ஆட்கள் நிறைந்த அறைக்குள் எப்படி நுழைகிறான் என்பது லக்னம். அவனே ராத்திரி லைட் அணைத்த பிறகு எதை நினைத்துப் புரண்டு படுக்கிறான் என்பது சந்திரன். எந்த ஒன்றை அவனால் விட்டுக்கொடுக்கவே முடியாது என்பது சூரியன்.

ராசிகளுக்கும் குணம் சொல்ல இரண்டு பாகுபாடு போதும். ஒன்று, நெருப்பு, நிலம், காற்று, நீர். மேஷத்தில் ஆரம்பித்து இதே வரிசையில் மூன்று சுற்று வரும். இன்னொன்று, சரம், ஸ்திரம், உபயம். சரம் என்றால் தானே கிளம்புவது. ஸ்திரம் என்றால் பிடித்த இடத்தில் நிற்பது. உபயம் என்றால் இரண்டு பக்கமும் வளைந்து கொடுப்பது. இதுவும் மேஷத்திலிருந்து வரிசையாக வரும். பன்னிரண்டு ராசிக்கும் பக்கம் பக்கமாகக் குணம் எழுதிய புத்தகத்தை மனப்பாடம் செய்வதைவிட இது மேல். ஏனென்றால் புதுசாகப் படிப்பவன் எல்லோரும் விழும் பள்ளம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. சூரியனுக்கு ஒரு பக்கம், சந்திரனுக்கு ஒரு பக்கம், லக்னத்துக்கு ஒரு பக்கம் காப்பி அடித்து, மூன்றையும் பின் அடித்து "இதுதான்டா நீ" என்று கொடுத்துவிடுவான். அது மூன்று ஷீட். ஒரு பொருள் ஆகாது. மூன்று வியூவையும் பக்கத்தில் வைத்து, மூன்றிலும் திரும்ப வரும் கோடு எது, ஒன்றில் இருந்து இன்னொன்றில் மறையும் கோடு எது என்று பார்த்தால்தான் ஐசோமெட்ரிக் வரைய முடியும். ஜாதகத்திலும் முதலில் திரும்ப வருவதைப் பார்க்க வேண்டும், பிறகு முட்டிக்கொள்வதைப் பார்க்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டுக் காரியம். அக்காவுக்கு இரண்டு வருஷமாக வரன் பார்த்தார்கள். வந்த ஒரு வீட்டில் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "சூரியனும் சிம்மம், லக்னமும் சிம்மம், பொண்ணு யாருக்கும் அடங்க மாட்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா அழுதது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கள் அக்கா மூன்று தெரு தள்ளி உள்ளவர்கள் ஜாக்கெட் அளவு சரியில்லை என்று திரும்பக் கொண்டுவந்தாலும் முகம் சுளிக்காமல் பிரித்துத் தைத்துக் கொடுப்பவள்.

ஜாதகக் கட்டத்தை நான் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஆவணி 3-ம் தேதி, எனவே சூரியன் சிம்மத்தில் இருப்பது சரி. லக்னமும் அதே கட்டத்தில். அப்படியானால் அக்கா விடியற்காலையில் அல்லவா பிறந்திருக்க வேண்டும்? "அம்மா, அக்கா எப்போ பொறந்தா?" என்று கேட்டேன். "விளக்கு வச்ச நேரம்டா, உங்கப்பா வேலை முடிஞ்சு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்தாரு" என்றாள். டிரங்குப் பெட்டியிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பார்த்தோம். 6.50 என்று எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் மாலை என்பதற்கான இரண்டெழுத்தும் இருந்தது. எழுதிக் கொடுத்தவர் அதைக் காலை 6.50 என்று எடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் அந்தச் சீட்டையும் ஜாதகத்தையும் ஒப்பிட்டுப் படிக்க அன்று ஒருவரும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது.

மாலை 6.50 என்றால் சூரியன் மறைந்து அரை மணிக்குள். லக்னம் சிம்மத்துக்கு நேர் எதிரே கும்பம். வேறு ஒருவரிடம் கொடுத்துக் கணித்தபோதும் கும்பம்தான் வந்தது. சந்திரன் அரை நாளில் ஆறு ஏழு டிகிரிதான் நகரும். நல்ல வேளை, அக்காவுக்கு ரிஷபத்தைவிட்டு வெளியே போகவில்லை.

ஒரு வியூ மாறியதில் படம் எப்படி மாறுகிறது பாருங்கள். முன்னால் இருந்தது நெருப்பு, நெருப்பு, நிலம். இரட்டைச் சிம்மம் கூட்டத்தில் முன்னால் வந்து நின்று ஆணையிடும் என்று படித்தார்கள். இப்போது வந்தது நெருப்பு, காற்று, நிலம். வெளியே கும்பம்; யாரிடமும் ஒட்டாமலும் வெட்டாமலும் எல்லோரையும் சமமாக நடத்தும். உள்ளே சூரியன் சிம்மம். தன்மானத்தைத் தொட்டால் மட்டும் தெரியவரும். மனம் ரிஷபம், வீடு, துணி, சமையல், சேமிப்பு. இதில் திரும்ப வருவது ஸ்திரம். சிம்மம், கும்பம், ரிஷபம் மூன்றும் ஸ்திர ராசிகள். அதனால் பிடிவாதம் என்ற சொல் போகவில்லை. ஆனால் அது சத்தம் போடும் பிடிவாதம் என்பது போய், சத்தமே இல்லாத பிடிவாதமாகிவிட்டது. பழைய கட்டத்திலும் சிம்மம், சிம்மம், ரிஷபம் என்று மூன்றும் ஸ்திரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. திரும்ப வரும் கோடு இரண்டு படத்திலும் ஒன்றேதான், வெளிமுகம்தான் வேறு. அக்கா மட்டும் இரண்டு கட்டத்துக்கும் நடுவே அதே அக்காவாக ஜாக்கெட் பிரித்துக்கொண்டு இருந்தாள். இதை நான் அப்புறம் நிறைய யோசித்தேன்.

முழுதாக ஒரு படம் வரைந்து காட்ட, நமக்கெல்லாம் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். கணித மேதை ராமானுஜன். அவர் தாயார் கோமளத்தம்மாள் ஜோதிடம் அறிந்தவர். ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, வியாழக்கிழமை, ஈரோட்டில், சூரியன் மறைந்த சிறிது நேரத்தில். தமிழ்த் தேதி மார்கழி 9. நட்சத்திரம் உத்திரட்டாதி.

மார்கழி என்பதால் சூரியன் தனுசு. உத்திரட்டாதியின் நான்கு பாதமும் மீனத்தில்தான் விழும், எனவே சந்திரன் மீனம். மாலைப் பிறப்பு என்பதால் லக்னம் தனுசுக்கு ஏழாவதான மிதுனம். பஞ்சாங்கத்தைத் தொடாமலே மூன்றும் வந்துவிட்டது!

முதலில் திரும்ப வருவது எது? மிதுனம், தனுசு, மீனம் மூன்றும் உபய ராசிகள். அடுத்து, தனுசுக்கும் மீனத்துக்கும் அதிபதி ஒருவரே, குரு. மிதுனத்துக்கு அதிபதி புதன். முட்டிக்கொள்வது எது? காற்று, நெருப்பு, நீர் மூன்றும் இருக்கிறது, நிலம் மட்டும் இல்லை. ஜோதிட வழக்கில் புதன் கணக்கும் எழுத்தும். குரு ஞானமும் பக்தியும்.

இதைச் சேர்த்து ஒரே ஆளாக எழுதினால் இப்படி வரும். "வெளியே பார்க்கிறவர்களுக்கு இவர் கையும் எழுத்தும் கணக்கும். கை ஓயாது. ஆனால் அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பதில் மனதின் அடியில் கனவாகவும் தெய்வமாகவும் இருக்கும். குறி வைத்த அம்பு தூரத்தில் இருக்கும், பக்கத்தில் உள்ள சோறு துணி பற்றி நினைப்பு இருக்காது. நிலம் இல்லாததால் உலக நடைமுறையில் கால் ஊன்றச் சிரமப்படுவார்." சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்த ராமானுஜன், நாமக்கல் நாமகிரித் தாயார் அருளால் சூத்திரங்கள் கிடைப்பதாகச் சொன்ன ராமானுஜன், கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் எஃப்.ஏ. தேர்வில் தோற்ற ராமானுஜன், 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக உட்கார்ந்து, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்குக் கடிதம் எழுதிய ராமானுஜன், எல்லோரும் இந்தப் படத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மிதுனம் உடலில் தோளையும் கையையும் குறிக்கும் என்பார்கள். முழங்கை ஞாபகம் வருகிறதா? எழுதும்போது எனக்கே புல்லரித்தது.

புல்லரித்த பிறகு இங்கிலீஷ் பேப்பர் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நாம் நட்சத்திரங்களை வைத்து ராசியை அளக்கிறோம். இதற்கு நிராயனம் என்று பெயர். மேல்நாட்டார் மார்ச் 21 வாக்கில் பகலும் இரவும் சமமாகும் புள்ளியை மேஷத்தின் தொடக்கமாக வைக்கிறார்கள். இது சாயனம். பூமியின் அச்சு பம்பரம்போலத் தலை சுற்றுவதால் இந்த இரண்டு தொடக்கமும் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு டிகிரி வீதம் விலகிக்கொண்டே போகிறது. இன்று வித்தியாசம் சுமார் 24 டிகிரி. 1887-ல் சுமார் 22. மெஸ்ஸில் நம் நண்பன் தமிழ் மாதப்படி சிம்மமாகவும் பேப்பர்படி கன்னியாகவும் இருந்தது இதனால்தான்.

ராமானுஜனின் சூரியன் தனுசில் எட்டு டிகிரி தாண்டியிருந்தது. 22 கூட்டினால் 30 தாண்டும், மகரத்துக்குள் கால் வைத்துவிடும். மீனத்தில் பதினோரு டிகிரி அளவில் இருந்த சந்திரன் மேஷத்துக்குப் போய்விடும். லக்னமும் மிதுனத்தைத் தாண்டிக் கடகமாகிவிடும். மூன்றும் ஒரு கட்டம் நகர்ந்துவிட்டன. மகரம், மேஷம், கடகம் மூன்றும் சர ராசிகள்! வளைந்து கொடுக்கும் ஆள் என்று நான் எழுதிய இடத்தில், தானே கிளம்பும் ஆள் என்று வருகிறது. காணாமல்போன நிலம் மகரமாக வந்து நிற்கிறது, காற்று காணாமல்போகிறது.

இதையும் படமாக எழுதிப் பார்ப்போம். "யாரும் சொல்லித் தராமலே தானே தொடங்குவார். மனம் நெருப்பு, பொறுக்காது. இலக்கு மலை உச்சி, ஏறாமல் விடமாட்டார். வெளித்தோற்றம் மட்டும் கடகம், தாய்க்கும் வீட்டுக்கும் கட்டுப்பட்டவர்." ஆசிரியர் துணையின்றித் தானே நோட்டுப் புத்தகங்களை நிரப்பியவர், முன்பின் தெரியாத ஹார்டிக்குத் தானே கடிதம் எழுதியவர், கடல் தாண்டத் தாயின் சம்மதத்துக்காகக் காத்திருந்து 1914-ல் கப்பல் ஏறியவர். இதுவும் பொருந்துகிறதே! ஒரே சிலிண்டருக்கு ஒருவன் சதுரமும் இன்னொருவன் முக்கோணமும் வரைந்து, இரண்டுமே சரி என்று வாத்தியார் மார்க் போட்டால் நாம் விடுவோமா?

பொருந்தியதற்குக் காரணம், விடையைத் தெரிந்துகொண்டு கணக்குப் போட்டதுதான். ராமானுஜன் வாழ்க்கையில் எதை எடுக்க வேண்டும் என்று படமே எனக்குச் சொல்லிவிட்டது. உபய ராசி மூன்று வந்தால் 'எதிலும் நிலைத்து நிற்காதவர்' என்று எழுதுவதும் வழக்கம்தான். வாழ்நாள் முழுவதும் ஒரே பாடத்தில் நின்றவர் என்று தெரிந்ததால் அந்த வரியை என் கை எழுதவில்லை. 1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்குத் தனித்தனியாகக் குணச்சித்திரம் எழுதியதாகச் சொல்லிக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதில் பெரும்பகுதி கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது!

விடை தெரியாமல் செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. போன செமஸ்டர் லீவுக்கு முன் எங்கள் பிளாக்கில் ஆறு பேரிடம் ஜாதகம் வரவழைத்தேன். மூன்று வியூவையும் சேர்த்து, ராசிப் பெயர் எதுவும் போடாமல், ஆளுக்கு ஆறு வரி எழுதினேன். கையெழுத்தும் தாளும் ஒரே மாதிரி. ஆறு சீட்டையும் ஆறு பேரிடமும் தனித்தனியாகக் காட்டி, "இதில் உன்னுடையது எது?" என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் ஆறு பேரில் சராசரியாக ஒருவன் தன்னுடையதை எடுப்பான், கணக்கு அப்படித்தான் வரும்.

ஒருவன்தான் எடுத்தான். மூன்று பேர் ஒரே சீட்டைத் தொட்டு, "என்னைப் பக்கத்துல இருந்து பார்த்த மாதிரியே எழுதியிருக்கேடா" என்றார்கள். "எல்லோரிடமும் சிரித்துப் பேசுவான், ஆனால் மனதில் உள்ளதைச் சொல்ல ஒருவரைத்தான் தேடுவான்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்தச் சீட்டு உண்மையில் யாருக்காக எழுதப்பட்டதோ அவன் அதைப் படித்துவிட்டு, "சத்தியமா இது நான் இல்லைடா" என்று சொல்லி, அடுத்த சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டான்.